வெட்டு விசையை வெப் சுமப்பது ஏன்? அகலப் பிளாஞ்ச் பீம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கே வரும் கணக்குகள் எல்லாம் ஒரே பீமைப் பற்றியவை. இந்தியத் தரப் பட்டியலில் உள்ள ஐ.எஸ்.டபிள்யூ.பி. 300: உயரம் 300 மி.மீ., பிளாஞ்சின் அகலம் 200, பிளாஞ்சின் தடிமன் 10, வெப்பின் தடிமன் 7.4. மூலைகளில் உள்ள உருண்டை வளைவுகளை விட்டுவிட்டு, மூன்று செவ்வகத் தகடுகளாகவே எடுத்துக்கொள்கிறேன்: மேலும் கீழும் படுத்திருக்கும் இரண்டு பிளாஞ்சுகள், அவற்றை இணைத்து நடுவில் நிமிர்ந்து நிற்கும் வெப். கனமான தண்ணீர்த் தொட்டி ஒன்றின் அடியில் 3 மீட்டர் இடைவெளியைத் தாண்டும் பீம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாப்புப் பெருக்கத்தையும் சேர்த்து மொத்தம் 300 கிலோநியூட்டன் சுமை, நீளம் முழுக்கச் சீராகப் பரவியிருக்கிறது. ஆகவே தாங்கு முனை ஒவ்வொன்றின் அருகிலும் வெட்டு விசை 150 கிலோநியூட்டன், அதாவது சுமார் 15 டன். தளத்தில் ஷியர் என்று சொல்லப்படுவதைத்தான் வெட்டு விசை என்று எழுதுகிறேன்.

பிளாஞ்சில்தான் இரும்பு அதிகம். அப்படியிருக்க வெட்டு விசையை மட்டும் ஏன் வெப் தாங்குகிறது?

வெட்டு விசை எப்படிப் பிறக்கிறது என்பதைப் பார்த்தால் இந்தக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு தடித்த நோட்டுப் புத்தகத்தை இரு கைகளாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். ஓரத்தில் தாள்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் படிக்கட்டுப்போல் நிற்கும். அந்த வழுக்கலைத் தடுக்கும் விசைதான் பீமுக்குள் இருக்கும் கிடைமட்ட வெட்டு. விசையைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தகைவு. செங்குத்து வெட்டுத் தகைவும் கிடைமட்ட வெட்டுத் தகைவும் ஒரு புள்ளியில் எப்போதும் சம அளவில்தான் இருக்கும். இல்லாவிட்டால் அந்தப் புள்ளியைச் சுற்றியுள்ள சிறு சதுரம் சுழலத் தொடங்கிவிடும். எனவே கிடைமட்ட வழுக்கலைக் கணக்கிட்டாலே செங்குத்து வெட்டும் கையில் கிடைத்துவிடுகிறது.

இப்போது நம் பீமில் தாங்கு முனைக்கு அருகே 100 மி.மீ. நீளத் துண்டு ஒன்றை மட்டும் மனத்தில் அறுத்தெடுங்கள். இவ்வளவு சிறிய நீளத்தில் வெட்டு விசை கொஞ்சம் குறைவதைப் பொருட்படுத்த வேண்டாம். துண்டின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போவதற்குள் வளைவு மொமென்ட் 150 × 0.1 = 15 கிலோநியூட்டன் மீட்டர் கூடிவிடுகிறது. மொமென்ட் கூடினால் பிளாஞ்சில் உள்ள இழுவையும் கூடும். கீழ்ப் பிளாஞ்சின் ஒரு வெட்டு முகத்தைவிட மறு முகத்தில் இழுவை 44.5 கிலோநியூட்டன் அதிகம். ஏறத்தாழ நான்கரை டன்!

இந்த நான்கரை டன் எங்கிருந்து வந்தது? பிளாஞ்சின் அடிப்பக்கம் காற்று. இரு ஓரங்களும் காற்று. மேல்பக்கத்திலும் பெரும்பகுதி காற்றுதான். அதைப் பிடித்து இழுக்கக்கூடிய ஒரே இடம், வெப் வந்து ஒட்டும் 7.4 மி.மீ. அகலக் கீற்று. 100 மி.மீ. நீளத்துக்கு அந்தக் கீற்றின் பரப்பு 740 சதுர மி.மீ. 44,500 நியூட்டனை 740 ஆல் வகுத்தால் 60 மெகாபாஸ்கல். பிளாஞ்சுக்கு வேறு வழியே இல்லாததால் வேலை முழுவதும் வெப்பின் தலையில் விழுகிறது.

"பெரும்பகுதி" என்றால் எவ்வளவு? ஒரு கணக்கோடு சொல்ல முடியுமா?

பாடப்புத்தகச் சூத்திரம் இதுதான்:

```
τ = V·Q / (I·t)
```

V என்பது வெட்டு விசை. I என்பது முழு வெட்டுமுகத்தின் நிலைமத் திருப்புமை, அதாவது வளைவை அந்த வடிவம் எவ்வளவு எதிர்க்கிறது என்பதன் அளவு. நம் மூன்று செவ்வகங்களுக்கு 97.67 × 10⁶ மி.மீ.⁴. நாம் பார்க்கும் மட்டத்துக்கு அப்பால் உள்ள பரப்பையும், நடுக்கோட்டிலிருந்து அதன் தூரத்தையும் பெருக்கினால் Q. அந்த மட்டத்தில் இரும்பின் அகலம் t.

வெப்பும் பிளாஞ்சும் சேரும் மட்டத்தில் Q = 200 × 10 × 145 = 2,90,000. இதிலிருந்து வெப்பின் நுனியில் 60.2 மெகாபாஸ்கல் வருகிறது. மேலே துண்டு அறுத்துக் கண்ட அதே எண். சூத்திரம் செய்வதும் அதே வேலையைத்தான். நடுக்கோட்டுக்குப் போனால் வெப்பின் அரைப்பகுதியும் சேர்ந்து Q 3,62,520 ஆகிறது, தகைவு 75.2. இடையில் பரவளைய வடிவில் மெதுவாக ஏறுகிறது. வெப்பின் சராசரி 70.2 மெகாபாஸ்கல். அதை வெப்பின் பரப்பான 2,072 சதுர மி.மீ.ஆல் பெருக்கினால் 145.5 கிலோநியூட்டன் கிடைக்கும்.

150இல் 145.5 என்பது 97 சதவீதம். மீதி 4.5 கிலோநியூட்டன் இரண்டு பிளாஞ்சுகளுக்குமாகச் சேர்த்து. மொத்த இரும்பில் வெப்பின் பங்கு மூன்றில் ஒன்று மட்டுமே என்பதை நினைவில் வையுங்கள். வளைவில் கதை தலைகீழ்: நிலைமத் திருப்புமையில் 86 சதவீதம் பிளாஞ்சுகளுடையது, 14 மட்டுமே வெப்புடையது.

அப்படியானால் பிளாஞ்சுக்கும் வெட்டுத் தகைவுக்கும் தொடர்பே இல்லையா?

இருக்கிறது, பலர் நினைப்பதற்கு நேர்மாறாக. மேலே வந்த Qகளை ஒப்பிட்டுப் பாருங்கள். நடுக்கோட்டில் உள்ள 3,62,520இல் 2,90,000 பிளாஞ்ச் தந்தது. அதாவது வெப்பின் நடுவில் உள்ள தகைவில் ஐந்தில் நான்கு பங்குக்குக் காரணம் பிளாஞ்ச். தான் சுமக்காமல் அடுத்தவர் தோளில் ஏற்றிவிடும் ஆள் அது.

வெப்பில் தகைவு மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே அளவில் இருப்பதற்கும் இதுவே காரணம். தனிச் செவ்வகப் பீமில் மேல் விளிம்பில் சுழியில் தொடங்கி நடுவில் சராசரியின் ஒன்றரை மடங்குக்கு ஏறும். நம் வெப்போ தொடங்கும்போதே 60இல் தொடங்குகிறது. பிறகு ஏற வேண்டியது வெறும் 15.

என் கணக்கில் சேரும் இடத்தில் வெப்புக்கு 60.2, பிளாஞ்சுக்கு 2.2 என்று வருகிறது. ஒரே மட்டத்தில் இரண்டு எண்களா?

கணக்கு சரிதான். மட்டம் ஒன்றாக இருந்தாலும் t மட்டும் 7.4இலிருந்து 200க்குத் தாவுகிறது. 27 மடங்கு அகலத்தால் வகுத்தால் தகைவு 27 மடங்கு சுருங்கத்தானே வேண்டும். வரைபடம் வரைந்தால் இந்த இடத்தில் ஒரு கூர்மையான படி தெரியும்.

ஆனால் அந்த 2.2ஐ உண்மையென்று நம்பிவிட வேண்டாம். இந்தச் சூத்திரம் ஒரு மட்டத்தில் அகலம் முழுக்கத் தகைவு ஒரே அளவு என்று அனுமானிக்கிறது. ஒல்லியான வெப்பில் அந்த அனுமானம் நிற்கும். 200 மி.மீ. அகலப் பிளாஞ்சில் நிற்காது. வெப்பின் இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஞ்சின் உட்பக்கம் வெற்று முகம். தொடும் பொருள் எதுவும் இல்லாத முகத்தில் வெட்டுத் தகைவு சுழியாகத்தான் இருக்க முடியும். சூத்திரமோ அங்கேயும் 2.2 என்கிறது. உண்மையில் வெப்பின் நேர் மேலே கொஞ்சம் குவிந்து, பக்கவாட்டில் நகர நகரக் காணாமல் போகும். மூலையின் உருண்டை வளைவு இந்தக் குவியலைத் தணிக்கிறது. எண் மிகச் சிறியது என்பதால் வடிவமைப்பில் இந்தப் பிழை யாரையும் கடிப்பதில்லை. தேர்வுத்தாளில் மட்டும் கடிக்கும்.

பிளாஞ்சில் கிடைமட்டமாகவும் வெட்டுத் தகைவு உண்டு என்கிறார்களே, அது என்ன?

பிளாஞ்சின் உண்மையான வெட்டுத் தகைவே அதுதான். செங்குத்தாக ஓடும் 2.2ஐவிடப் பத்து மடங்கு பெரியது.

பிளாஞ்சின் ஓரத்துத் துணுக்கு ஒன்றை நினைத்துப் பாருங்கள். வெப்பிலிருந்து அது 90 மி.மீ.க்கு மேல் தள்ளி இருக்கிறது. இருந்தாலும் அதன் இழுவையும் நீளத்தோடு கூடிக்கொண்டே போகிறது. அந்தக் கூடுதல் வெப்பிலிருந்து கிளம்பி, பிளாஞ்சின் தகட்டு வழியே பக்கவாட்டில் பயணம் செய்துதான் ஓரத்தை அடைய வேண்டும். ஓரத்தில் சுழி, வெப்பை நெருங்க நெருங்க நேர்கோட்டில் ஏற்றம், வெப்பின் முகத்தருகே சுமார் 21 மெகாபாஸ்கல். குழாயில் தண்ணீர் ஓடுவதுபோல இதை வெட்டு ஓட்டம் என்று சொல்வதுண்டு. ஒரு பிளாஞ்சின் இரு கிளைகளில் ஓடும் நீர் வெப் என்ற நடுக்கால்வாயில் சேர்ந்து, மறு பிளாஞ்சில் மறுபடி இரண்டாகப் பிரிகிறது.

இந்த 21 இருந்தும் செங்குத்துச் சுமையைத் தாங்குவதில் அதற்குப் பங்கு கிடையாது. ஒரு பாதி இடப்பக்கம் தள்ளினால் மறு பாதி வலப்பக்கம் தள்ளும். ஒவ்வொன்றும் சுமார் 11 கிலோநியூட்டன். இரண்டும் சேர்ந்து சுழி. சானல் பிரிவில்தான் இது வம்பாகிறது. அங்கே பிளாஞ்ச் ஒரு பக்கம் மட்டுமே இருப்பதால் எதிர்த்துத் தள்ள ஆளில்லை. மேல் பிளாஞ்ச் ஒரு திசையிலும் கீழ்ப் பிளாஞ்ச் மறு திசையிலும் தள்ளுவதால், சுமையை வெப்பின் நேர்மேலே வைத்தாலும் சானல் முறுக்கிக்கொள்ளும்.

இவ்வளவு கணக்கு எதற்கு? விசையை உயரமும் வெப் தடிமனும் பெருக்கிய பரப்பால் வகுத்தால் போதாதா?

உருட்டிய பீமுக்குப் போதும். 1,50,000ஐ 300 × 7.4ஆல் வகுத்தால் 67.6 மெகாபாஸ்கல். சரியான உச்சம் 75.2. பத்து சதவீதச் சொச்சம் வித்தியாசம். எஃகுக் கட்டுமானத்துக்கான இந்திய விதித்தொகுப்பான ஐ.எஸ். 800:2007 உருட்டிய பீமுக்கு முழு உயரத்தையும், வெல்டிங் செய்து கட்டிய பீமுக்கு வெப்பின் உயரத்தை மட்டும் எடுக்கச் சொல்கிறது. அமெரிக்க விதிகளும் உருட்டிய பீமுக்கு முழு உயரம் × வெப் தடிமன் என்றே எடுக்கின்றன.

உச்சத்தைப் பத்து சதவீதம் குறைத்து மதிப்பிடுவது துணிச்சல்போலத் தோன்றலாம். ஆனால் மென் எஃகு இழுபடும் குணமுடையது. நடுவில் முதலில் நெகிழத் தொடங்கினாலும், அதாவது மீளாத உருமாற்றம் அடைந்தாலும், மேலும் கீழும் உள்ள வெப் மீதியைப் பங்கு போட்டுக்கொள்ளும். நெகிழ்வு வலிமை 250 மெகாபாஸ்கல் என்றால் வெட்டில் அது 250/√3 = 144. பாதுகாப்புக் காரணி 1.10ஆல் வகுத்தால் 131. நம் பீமின் வெட்டுத் திறன் அந்த வகையில் 291 கிலோநியூட்டன். 150 அதில் பாதியளவுதான். வெட்டு விசை திறனின் 60 சதவீதத்தைத் தாண்டும்போது அதே இடத்து வளைவுத் திறனையும் குறைத்துக் கணக்கிட வேண்டும். இங்கே அந்த எல்லை 175. சமாளித்துவிட்டோம்.

தகடுகளை வெல்டிங் செய்து பீம் கட்டுகிறோம். வெப்–பிளாஞ்ச் வெல்டிங்கைத் தொடர்ச்சியாக இல்லாமல் இடைவெளி விட்டு விட்டுப் போடலாமா?

முதல் பதிலில் வந்த நான்கரை டன்னை மறுபடி நினையுங்கள். 100 மி.மீ.க்கு 44.5 கிலோநியூட்டன் என்றால், ஒரு மி.மீ.க்கு 445 நியூட்டன். உருட்டிய பீமில் அதை இரும்பே கடத்துகிறது. உங்கள் பீமில் வெல்டிங் கடத்த வேண்டும். இரு பக்கமும் போட்டால் ஒவ்வொன்றுக்கும் 223 நியூட்டன்.

5 மி.மீ. அளவு பில்லட் வெல்டிங்கின் கழுத்து 3.5 மி.மீ. தொடர்ச்சியாகப் போட்டால் தகைவு 64 மெகாபாஸ்கல். பட்டறையில் போடும் வெல்டிங்குக்கு அனுமதி சுமார் 189. தாராளமாக இருக்கிறதே என்று 50 மி.மீ. போட்டு 100 மி.மீ. விட்டீர்கள் என்றால் மூன்றில் ஒரு பங்கு நீளம்தான் வேலை செய்யும். தகைவு மூன்று மடங்காகி 191. எல்லையைத் தாண்டிவிட்டது. பரவிய சுமையில் நடுப்பகுதிக்கு அது போதும், தாங்கு முனைகளின் அருகே போதாது. தொழிலாளர் பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி விடுவார்கள். ஆகவே முனைகளில் எத்தனை மீட்டருக்குத் தொடர் வெல்டிங் என்பதை வரைபடத்திலேயே எழுதிவிடுங்கள்.

இரும்புக்கு முன்பே மரத்தில் இந்தப் பாடம் படிக்கப்பட்டது. பீட்டர்ஸ்பர்க்–மாஸ்கோ ரயில் பாதையின் மரப்பாலங்களைக் கட்டிய ரஷ்யப் பொறியாளர் ஜுராவ்ஸ்கிதான் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இந்த வெட்டுத் தகைவுக் கணக்கை உருவாக்கினார். மரம் நார் ஓடும் திசையில் எளிதில் பிளக்கும் என்பதால், எஃகில் மறைந்திருக்கும் கிடைமட்ட வழுக்கல் மரத்தில் விரிசலாகவே கண்ணுக்குத் தெரியும்.

குளிர்சாதனக் குழாய் போக வெப்பில் ஒரு துளை போட்டால் என்ன ஆகிவிடும்?

எங்கே போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. நான் வேலை பார்த்த ஒரு தளத்தில், ஓவியம்போல அழகாக, 150 மி.மீ. சதுரத் துளை ஒன்றைக் காஸ் கட்டரால் அறுத்து வைத்திருந்தார்கள். தூணிலிருந்து ஒரு சாண் தொலைவில்! "பிளாஞ்சைத் தொடவில்லையே சார், நடுவில்தானே அறுத்தோம்" என்று அறுத்தவர் நிதானமாகச் சொன்னார். பிளாஞ்சைத் தொடக்கூடாது என்று அவருக்கு யாரோ சரியாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மறுபாதியைச் சொல்ல மறந்துவிட்டார்கள்.

அதே துளையை நம் பீமில் பொருத்திப் பாருங்கள். வளைவுக்கு ஏற்படும் இழப்பு மிகச் சிறிது: நிலைமத் திருப்புமையில் 2 சதவீதம். ஆனால் 280 மி.மீ. வெப்பில் எஞ்சுவது 130. பரப்பு 962 சதுர மி.மீ. தாங்கு முனையருகே சராசரி வெட்டுத் தகைவு 156 மெகாபாஸ்கல். நெகிழ்வு எல்லையான 144ஐயே தாண்டிவிட்டது. போதாக்குறைக்கு, துளையின் மேலும் கீழும் மிஞ்சிய இரு குட்டையான துண்டுகள் தாங்களே தனித்தனியாக வளைய ஆரம்பிக்கும். செவ்வகத் துளையின் மூலைகளில் கிழியவும் இடமுண்டு. வட்டமாக அறுத்தால் மூலைப் பிரச்சினை குறையும்.

இதே துளை பரவிய சுமையுள்ள பீமின் நடு நீளத்தில் இருந்தால் வெட்டு விசை ஏறக்குறைய சுழி என்பதால் பாதிப்பு அற்பம். நடுவில் தனிச் சுமை உட்காரும் பீமுக்கோ, கிரேன் ஓடும் பீமுக்கோ இந்தச் சலுகை கிடையாது. அறுத்த பிறகு தெரியவந்தால், முதலில் சுமையை இறக்கி முட்டுக் கொடுத்துவிட்டுத்தான், துளையைச் சுற்றித் தகடு வைப்பது பற்றிப் பேச வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

வெப்தான் சுமக்கிறது என்றால் உயரத்தைக் கூட்டி, வெப்பை மெல்லியதாக வைத்துக்கொள்ளலாமே?

ஓரளவுக்குத்தான். நம் பீமின் வெப் உயரம் அதன் தடிமனைப்போல் 38 மடங்கு. இப்படிப்பட்ட வெப் நெகிழ்ந்துதான் தோற்கும். சாதாரண 250 தர எஃகில், இடைத்தகடு இல்லாத வெப்புக்கு இந்த விகிதம் 67ஐத் தாண்டினால் நெளிவைச் சரிபார்க்க வேண்டும்.

1,000 மி.மீ. உயரம், 6 மி.மீ. தடிமன் உள்ள வெப்பை எடுங்கள். விகிதம் 167. அது 35 மெகாபாஸ்கலிலேயே நெளிய ஆரம்பிக்கும் என்று கணக்கு சொல்கிறது. நெகிழ்வு எல்லை அதற்கு நான்கு மடங்கு மேலே வீணாகக் கிடக்கிறது. வெட்டு என்பது 45 பாகையில் திரும்பிப் பார்த்தால் ஒரு மூலைவிட்டத்தில் இழுவை, மறு மூலைவிட்டத்தில் அழுத்தம். அழுத்தப்படும் திசையில் மெல்லிய தகடு புடைத்துக்கொள்கிறது. அதனால்தான் நெளிவு வெப்பில் சாய்ந்த அலைகளாகத் தெரிகிறது. வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் லேசான அலைகூடத் தப்பாது. மீட்டருக்கு ஒரு செங்குத்துத் தகடு வைத்தால் 35 என்பது 61 ஆக உயரும்.

பீமைப் படுக்கவைத்தால்?

அப்போது சுமையின் திசையில் நிற்பவை பிளாஞ்சுகள். இரண்டு செவ்வகங்களாக அவையே வெட்டு விசையைச் சுமக்கும். வெப் நடுவில் சும்மா கிடக்கும். ஐ.எஸ். 800 எடுக்கச் சொல்லும் பரப்பும் 2 × 200 × 10 = 4,000 சதுர மி.மீ., நிமிர்ந்து நிற்கும்போது எடுத்த 2,220ஐவிட அதிகம். இதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுவிடக் கூடாது. வளைவுக்கான வெட்டுமுகக் கெழு ஐந்தில் ஒரு பங்காக விழுந்துவிடும்.